லீட் 2 பட்டையில் பெருந்தமனி வால்வு எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது?

வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் கார்டியாக் டெக்னாலஜி பட்டப்படிப்பில் முதலாண்டு மாணவி. இதயச் சுழற்சியை உடலியங்கியல் வகுப்பிலும் ஈசிஜி படிப்பதைச் செய்முறை வகுப்பிலும் தனித்தனியாகச் சொல்லித் தருகிறார்கள். இரண்டும் ஒரே இதயத்தைப் பற்றியவைதான் என்பது தெரிந்தும் என்னால் ஒன்றின் மேல் மற்றொன்றை வைத்துப் பார்க்க முடியவில்லை.

சென்ற வாரம் செய்முறைத் தேர்வில் லீட் 2-இல் எடுத்த ஒரு ரிதம் ஸ்டிரிப்பைக் கொடுத்தார்கள். தாளின் வேகம் வினாடிக்கு 25 மி.மீ. ஒரு ஆர் முனையிலிருந்து அடுத்த ஆர் முனை வரை 20 சிறு கட்டங்கள் இருந்தன, பட்டை முழுவதும் அந்த இடைவெளி மாறவில்லை. பி அலை தொடங்கும் இடத்திலிருந்து க்யூஆர்எஸ் தொடங்கும் இடம் வரை 4 கட்டங்கள், க்யூஆர்எஸ்ஸின் அகலம் 2 கட்டங்கள், க்யூஆர்எஸ் தொடக்கத்திலிருந்து டி அலையின் முடிவு வரை 9 கட்டங்கள். இயல்பான சைனஸ் ரிதம், நிமிடத்துக்கு 75 துடிப்பு என்று எழுதினேன், மதிப்பெண்ணும் கிடைத்தது.

அதன்பின் தேர்வாளர் அதே தாளை என் முன் நகர்த்தி, பெருந்தமனி வால்வு திறக்கும் இடத்திலும் மூடும் இடத்திலும் விரலை வைக்கச் சொன்னார். நான் ஆர் முனையில் ஒரு விரலையும், டி அலை தொடங்கும் இடத்தில் மற்றொரு விரலையும் வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். என் குறிப்பேட்டில், பி என்றால் மேலறைகள் சுருங்குகின்றன, க்யூஆர்எஸ் என்றால் கீழறைகள் சுருங்குகின்றன, டி என்றால் கீழறைகள் தளர்கின்றன, இடையிலுள்ள நேர்கோடு என்றால் ஓய்வு என்று எழுதி வைத்திருக்கிறேன். இதில் எது தவறு?

சாய்கோடு

நான் எம்.பி.பி.எஸ். முதலாண்டு. உங்கள் குறிப்பேட்டில் தவறு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, விரல் வைத்த இடத்தில்தான் பிழை நேர்ந்திருக்கிறது. கீழறை சுருங்குவது க்யூஆர்எஸ்ஸின்போது என்றால் வால்வு க்யூஆர்எஸ்ஸின் தொடக்கத்தில் திறந்து அதன் முடிவில் மூட வேண்டும். அதற்குப் பிறகு வரும் எஸ்-டி பகுதி நேர்கோடாக இருப்பதே அங்கே எதுவும் நடக்கவில்லை என்பதற்குச் சான்று.

துடிப்பு வீதத்தை நீங்கள் சரியாகவே கணக்கிட்டிருக்கிறீர்கள். ஐந்து சிறு கட்டங்கள் சேர்ந்தது ஒரு பெரிய கட்டம், இரண்டு ஆர் முனைகளுக்கு இடையே நான்கு பெரிய கட்டங்கள், 300-ஐ நான்கால் வகுத்தால் 75. சிறு கட்டங்களைக் கொண்டு பார்த்தாலும் 1500-ஐ 20-ஆல் வகுக்க அதே 75 வரும்.

நாடிமானி

தம்பி, வீதக் கணக்கு சரி. வால்வைப் பற்றிச் சொன்னது சரியில்லை. பத்தாண்டுகள் ஈசிஜி எடுக்கும் அறையிலும் அதன்பின் செவிலியர்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும் உடலியங்கியல் கற்பிக்கும் வகுப்பிலும் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் பிழையைச் செய்யாத மாணவரை நான் பார்த்ததே இல்லை. ஆகவே இருவரும் இதை ஒரு முறை பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

நீங்கள் சொல்வதுபோல் க்யூஆர்எஸ்ஸின்போதுதான் கீழறை சுருங்குகிறது என்று ஒரு கணம் வைத்துக்கொள்வோம். ஒரு சிறு கட்டம் 0.04 வினாடி, க்யூஆர்எஸ் இரண்டு கட்டம், அதாவது 0.08 வினாடி. ஓய்வாக இருக்கும் ஒருவரின் இடது கீழறை ஒரு துடிப்பில் ஏறத்தாழ 70 மி.லி. இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. தசை இறுகி, அழுத்தம் 10-க்கும் குறைவான நிலையிலிருந்து பெருந்தமனியின் 80-ஐத் தாண்டி, வால்வு திறந்து, அவ்வளவு இரத்தமும் வெளியேறி, வால்வு மீண்டும் மூடுவது எல்லாம் 0.08 வினாடிக்குள் நடக்க இயலாது. அது மின்சாரம் தசை முழுவதும் பரவுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் மட்டுமே. தாளில் நாம் பார்ப்பது தசைக்குப் போகும் கட்டளையைத்தான். வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது, கட்டளையைவிட வெகுநேரம் நீடிக்கிறது.

இப்போது மாணவியின் அதே பட்டையை எடுத்துக்கொண்டு, க்யூஆர்எஸ் தொடங்கும் இடத்தைச் சுழி என்று வைத்துக் கட்டங்களை எண்ணுவோம். நான் தரும் எண்கள் நிமிடத்துக்கு 75 துடிப்புள்ள, நலமான, வளர்ந்த ஒருவருக்கு ஏறத்தாழப் பொருந்துபவை. ஆளுக்கு ஆள் அரைக் கட்டம் முன்பின் ஆகும்.

சுழியில் மின்சாரம் கீழறைத் தசைக்குள் நுழைகிறது. ஏறத்தாழ ஒன்றேகால் கட்டம் கழித்து, அதாவது ஆர் முனையைத் தாண்டிய அளவில், கீழறையின் அழுத்தம் மேலறையின் அழுத்தத்தை மிஞ்சுவதால் மைட்ரல் வால்வு மூடுகிறது. ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் 'லப்' அங்கேதான் பிறக்கிறது. ஆனால் பெருந்தமனி வால்வு இன்னும் திறக்கவில்லை. நுழைவாயிலும் மூடி, வெளிவாயிலும் மூடியிருக்க, உள்ளே இருக்கும் இரத்தத்தின் அளவு மாறாமல் அழுத்தம் மட்டும் மேலேறும் ஒரு குறுகிய பொழுது அது. இரண்டரைக் கட்டத்தில் பெருந்தமனி வால்வு திறக்கிறது. க்யூஆர்எஸ் இரண்டு கட்டத்திலேயே முடிந்துவிட்டதல்லவா? ஆகவே வால்வு திறக்கும்போது பேனா எஸ்-டி நேர்கோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. இரத்தம் மிக வேகமாக வெளியேறுவது, தம்பி எதுவும் நடக்கவில்லை என்று சொன்ன அந்த இடத்தில்தான்.

அங்கே கோடு ஏன் நேராக இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரு இடங்களுக்கிடையே மின் வேறுபாடு இருந்தால்தான் பேனா மேலோ கீழோ போகும். எஸ்-டி பகுதியில் கீழறைத் தசை முழுவதும் கிட்டத்தட்ட ஒரே மின்நிலையில் இருப்பதால் வேறுபாடு இல்லை, ஆகவே கோடு நேராகிறது. தசை முழுவதும் முழு மூச்சாக வேலை செய்யும் நேரமும் அதுவே.

பிறகு டி அலை எழுகிறது. தசை மின்னளவில் மீளத் தொடங்கியிருக்கிறது, வெளியேற்றம் தொடர்ந்தாலும் வேகம் குறைகிறது. டி அலை ஒன்பதாம் கட்டத்தில் முடிகிறது, பெருந்தமனி வால்வு ஏறத்தாழ ஒன்பதரை முதல் பத்தாம் கட்டத்துக்குள் மூடுகிறது. 'டப்' என்ற இரண்டாம் ஒலி அது. ஆகவே அம்மா, உங்கள் முதல் விரல் க்யூஆர்எஸ் முடிந்து அரைக் கட்டம் தள்ளியும், இரண்டாம் விரல் டி அலையின் தொடக்கத்தில் அல்லாமல் அதன் முடிவை ஒட்டியும் இருந்திருக்க வேண்டும்.

வைகைக்கரை

மிக்க நன்றி ஐயா. தாளில் பென்சிலால் குறித்துப் பார்த்தேன். பத்தாம் கட்டத்தில் பெருந்தமனி வால்வு மூடிவிட்டால், பதினாறாம் கட்டத்தில் அடுத்த பி அலை தொடங்கும் வரை ஆறு கட்டங்கள் மீதமிருக்கின்றன. இதையாவது ஓய்வு என்று சொல்லலாமா? மேலும், மேலறை சுருங்கித்தான் கீழறை நிரம்புகிறது என்றால் அந்த ஆறு கட்டங்களில் கீழறை காலியாகக் காத்திருக்கிறதா?

நாடிமானி

காத்திருப்பதில்லை. கீழறை நிரம்புவதில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது. பெருந்தமனி வால்வு மூடிய பிறகு ஒன்றரைக் கட்டம் அளவுக்கு இரு வாயில்களும் மூடியிருக்க, தசை தளர்ந்து அழுத்தம் சரிகிறது. ஏறத்தாழப் பதினொன்றரைக் கட்டத்தில் மேலறையின் அழுத்தத்துக்கும் கீழே அது இறங்கியதும் மைட்ரல் வால்வு திறக்கிறது, இத்தனை நேரம் மேலறையில் சேர்ந்து நின்ற இரத்தம் மடை திறந்ததுபோல் கீழே இறங்குகிறது. தளர்ந்து விரியும் கீழறையே அதை உள்ளிழுக்கவும் செய்கிறது. அதன்பின் ஓட்டம் மெலிகிறது. பதினாறாம் கட்டத்தில் பி அலை தொடங்கி, அது முடியும் தறுவாயில் மேலறை சுருங்கிக் கடைசிப் பங்கைத் தள்ளிவிடுகிறது. ஓய்விலிருக்கும் நலமான ஒருவருக்கு அந்தக் கடைசிப் பங்கு மொத்த நிரம்பலில் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை இருக்கும். மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காத ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் வந்தவர்களில் பலர் நடமாடிக்கொண்டிருப்பதற்கு இது ஒரு காரணம். கீழறை விறைத்துப்போனவர்களுக்கு அந்தக் கடைசிப் பங்கை இழப்பது தாங்க முடியாத இழப்பாகிவிடுவதும் உண்டு.

பி-ஆர் இடைவெளி மூன்று முதல் ஐந்து கட்டம் இருக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதன் பொருள் இப்போது விளங்கும். ஏ.வி. நோடு மின்சாரத்தைச் சற்றே தாமதப்படுத்தி அனுப்பாவிட்டால், மேலறை தள்ளி முடிப்பதற்குள் கீழறை சுருங்கி வாயிலை மூடிவிடும்.

தென்றல்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் மருத்துவம் படித்தவள் அல்லள். என் மகனுக்குப் பத்தொன்பது வயது, கல்லூரிக் கைப்பந்து அணியில் சேர்வதற்காக ஈசிஜி எடுத்தோம். தாளின் மேல் 'சைனஸ் அரித்மியா' என்று இயந்திரம் அச்சிட்டிருக்கிறது. எடுத்தவர் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார், ஆனால் அரித்மியா என்றால் இதயத் துடிப்புக் கோளாறு என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். இந்த இழையில் எல்லா இடைவெளியும் ஒரே அளவாக இருந்ததால் இயல்பு என்று எழுதியிருக்கிறீர்கள். என் மகனின் தாளில் இடைவெளிகள் வெவ்வேறாகத்தான் இருக்கின்றன. இரண்டு நாளாக எனக்குத் தூக்கமில்லை.

சாய்கோடு

இடைவெளி மாறினால் அது ஒழுங்கற்ற லயம்தான் அம்மா. இயல்பான சைனஸ் ரிதம் என்பதற்கான முதல் நிபந்தனையே ஆர் முனைகளின் இடைவெளி சமமாக இருப்பது. இதய நிபுணரிடம் உடனே காட்டுவது நல்லது.

நாடிமானி

தம்பி, ஒரு தாயிடம் பேசும்போது இன்னும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம். அம்மா, அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள். ஒவ்வொரு உயரமான முனைக்கு முன்னாலும் ஒரு சிறிய மேடு இருக்கிறதா? அந்த மேடு எல்லாத் துடிப்பிலும் ஒரே வடிவத்தில் இருக்கிறதா? மேட்டுக்கும் முனைக்கும் உள்ள தூரம் மாறாமல் இருக்கிறதா? முனைகளின் இடைவெளி திடீரென்று தாவாமல், சில துடிப்புகளில் படிப்படியாகக் குறைந்து, பிறகு படிப்படியாகக் கூடுகிறதா?

தென்றல்

கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன் ஐயா. மேடு எல்லாவற்றிலும் இருக்கிறது, ஒரே மாதிரியாகவும் இருக்கிறது. மேட்டிலிருந்து முனை வரை எங்கும் நான்கு சிறு கட்டம். முனைகளின் இடைவெளி 18 கட்டம், அதன்பின் 19, 21, 23, மறுபடி 22, 20, 18 என்று போகிறது.

நாடிமானி

நீங்கள் எண்ணியது மிகத் தெளிவாக இருக்கிறது. 18 கட்டம் என்றால் நிமிடத்துக்கு 83, 23 கட்டம் என்றால் 65. மூச்சை உள்ளே இழுக்கும்போது வேகஸ் நரம்பின் பிடி தளர்வதால் துடிப்பு விரைகிறது, வெளியே விடும்போது மெதுவாகிறது. இளைஞர்களிடமும் விளையாட்டு வீரர்களிடமும் இந்த ஏற்றஇறக்கம் நன்றாகவே தெரியும், வயது ஏற ஏறக் குறையும். துடிப்பைத் தொடங்கி வைப்பது வழக்கமான எஸ்.ஏ. நோடுதான் என்பதற்கு மாறாத மேடும், மின்சாரம் வழக்கமான பாதையில்தான் இறங்குகிறது என்பதற்கு மாறாத நான்கு கட்டமும் சான்று. பெயரில் அரித்மியா என்று இருந்தாலும் இளைஞரிடம் இது நோயின் அடையாளம் அன்று.

ஆனால் நீங்கள் சொன்ன எண்களை மட்டும் வைத்து உங்கள் மகனை விளையாட அனுப்பலாம் என்று நான் சொல்லக் கூடாது. அவருக்கு ஓடும்போது மயக்கம், நெஞ்சுவலி வந்ததுண்டா, குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர்கள் உண்டா என்பவற்றையெல்லாம் கேட்டு, முழுத் தாளையும் பார்க்கும் மருத்துவரே அதைச் சொல்ல வேண்டும்.

இதில் மாணவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. இடைவெளி மாறும் பட்டையில் ஏதோ இரண்டு முனைகளை எடுத்து 300-ஐ வகுத்தால், எந்த இரண்டை எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். அங்கே முப்பது பெரிய கட்டங்களுக்குள், அதாவது ஆறு வினாடிக்குள், எத்தனை க்யூஆர்எஸ் இருக்கிறது என்று எண்ணிப் பத்தால் பெருக்குங்கள்.

பனைநிழல்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நான் ஈசிஜி கருவிகளைப் பழுதுபார்ப்பவன், படிப்பவன் அல்லன். ஆனால் கட்டங்களை எண்ணுவதற்கு முன்னால் தாளின் ஓரத்தைப் பாருங்கள் என்று ஒருவரும் இன்னும் எழுதாதது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

ஒரு மருத்துவமனையிலிருந்து, கருவி எல்லா நோயாளிக்கும் துடிப்பைப் பாதியாகக் காட்டுகிறது என்று என்னை அழைத்தார்கள். போய்ப் பார்த்தபோது ஒரு முதியவரின் தாளை ஆளுக்கு ஆள் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். முனைகளுக்கு இடையே எட்டுப் பெரிய கட்டங்கள், கணக்குப்படி நிமிடத்துக்கு 38-க்கும் குறைவு. முதியவரோ கட்டிலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் நாடி பார்த்தால் 76. கருவியில் ஒரு பழுதும் இல்லை. யாரோ தாளின் வேகத்தை வினாடிக்கு 50 மி.மீ. என்று மாற்றிவிட்டுத் திருப்பி வைக்க மறந்திருக்கிறார்கள். தாளின் ஓரத்தில் அந்த எண் அச்சாகியே இருந்தது.

எண்ணைப் பார்க்கத் தவறினாலும் தாளே காட்டிக்கொடுக்கும். உண்மையிலேயே துடிப்பு குறைந்தால் அலைகளுக்கு இடையிலுள்ள வெற்றுக் கோடுதான் முக்கியமாக நீளும், க்யூஆர்எஸ்ஸின் அகலம் அப்படியே இருக்கும். வேகம் மாறினால் எல்லாமே இரு மடங்கு நீளும். அந்தத் தாளில் பி-ஆர் எட்டுச் சிறு கட்டம், க்யூஆர்எஸ் நான்கு சிறு கட்டம்.

அதேபோல் தாளில் பத்துக் கட்டம் உயரமாக ஒரு சதுர முனை அச்சாகும். ஒரு மில்லிவோல்ட்டுக்குப் பத்து மி.மீ. என்பதன் அடையாளம் அது. ஐந்து கட்டம்தான் இருக்கிறது என்றால் உயரங்களைப் பாதியாக்கி அச்சிட்டிருக்கிறது என்று பொருள், பி அலை தெரியவில்லை என்று முடிவுகட்டுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

நாடிமானி

இதை நானே முதலில் எழுதியிருக்க வேண்டும், நன்றி. நாடியைத் தொட்டுப் பார்த்தவர் அந்த அறையில் ஒருவராவது இருந்திருந்தால் உங்களை அழைத்திருக்கவே மாட்டார்கள்.

சாய்கோடு

நான் முன்பு எழுதியவற்றில் வால்வு பற்றியதும் சைனஸ் அரித்மியா பற்றியதும் தவறு என்று ஏற்றுக்கொள்கிறேன். தென்றல் அம்மாவிடம் அவசரப்பட்டு அப்படி எழுதியதற்கு வருந்துகிறேன்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. ஒன்று, க்யூஆர்எஸ் மின்சாரம் பரவுவதால் வருவது, டி அலை அது மீள்வதால் வருவது என்றால், இரண்டும் எதிரெதிர்ச் செயல்கள். ஒன்று மேல்நோக்கினால் மற்றது கீழ்நோக்கியல்லவா இருக்க வேண்டும்? லீட் 2-இல் இரண்டும் மேல்நோக்கியே இருக்கின்றன. இரண்டாவது, பட்டை இவ்வளவு ஒழுங்காக இருந்தால் இதயம் நன்றாக இறைக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம் அல்லவா?

நாடிமானி

முதல் கேள்வி நல்ல கேள்வி. மின்சாரம் கீழறைச் சுவரின் உட்பக்கத்தில் தொடங்கி வெளிப்பக்கம் போகிறது. மீள்வதும் உட்பக்கத்திலிருந்தே தொடங்கியிருந்தால் நீங்கள் சொன்னபடி டி அலை தலைகீழாகத்தான் இருக்கும். ஆனால் வெளிப்பக்கத் தசை கடைசியில் தூண்டப்பட்டாலும் முதலில் மீண்டுவிடுகிறது. செயலும் எதிர், திசையும் எதிர், ஆகவே அலை மேல்நோக்கி எழுகிறது.

இரண்டாவது கேள்விக்கு விடை, சொல்ல முடியாது என்பதே. கட்டளை ஒழுங்காகப் போகிறது என்பதற்கு மட்டுமே பட்டை சாட்சி சொல்லும், தசை கீழ்ப்படிந்ததா என்பது அதற்குத் தெரியாது. மிகுந்த இரத்தப்போக்கிலும், இதயத்தைச் சுற்றி இரத்தம் கட்டி அழுத்தும்போதும், மானிட்டரில் ஒழுங்கான க்யூஆர்எஸ் வரிசையாக ஓடிக்கொண்டிருக்க, கழுத்தில் நாடியே இல்லாமல் போவதுண்டு. அது இதய நிறுத்தம்தான், நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் சிகிச்சையை அங்கேயே தொடங்க வேண்டும். திரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டால் ஆள் போய்விடுவார்.

மாரடைப்பையும் இந்த ஒற்றைப் பட்டையை வைத்து இல்லையென்று சொல்ல முடியாது. லீட் 2 ஒரே ஒரு கோணத்திலிருந்து பார்க்கிறது. அதற்குப் பன்னிரண்டு லீடுகளும் வேண்டும், அவையும் தொடக்கத்தில் இயல்பாகவே இருந்து ஏமாற்றக்கூடும் என்பதால்தான் மீண்டும் மீண்டும் எடுக்கிறார்கள். இதைப் படிக்கும் யாருக்காவது நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் என்று இருந்தால் இழையில் கேட்டுக்கொண்டிராமல் தமிழ்நாட்டில் 108-ஐயும் இலங்கையில் 1990-ஐயும் அழையுங்கள்.

கோடைமழை

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். நாடிமானி ஐயா சொன்ன மற்ற யாவற்றையும் ஏற்கிறேன். இயல்பான வீதம் 60 முதல் 100 வரை என்று மாணவர்களுக்குக் கற்பிப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. இரவுப் பணியில் உறங்கும் நலமான இளைஞர்களில் பலர் 50-ஐ ஒட்டித்தான் இருக்கிறார்கள். 60-க்குக் கீழே போனதும் மருத்துவரை எழுப்பும் புதிய செவிலியர்களை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். கீழ் எல்லையை 50 என்று வைப்பதே நேர்மையானது.

நாடிமானி

நீங்கள் சொல்வதை ஏற்கும் மருத்துவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆயினும் தேர்வில் 60 என்று எழுதினால்தான் மதிப்பெண், பாடநூல்களும் பெரும்பாலும் அதையே சொல்கின்றன. எல்லையை மாற்றுவதைவிட, 54 என்று கண்டால் ஆளைப் போய்ப் பாருங்கள், பேசுகிறாரா, தலைசுற்றுகிறதா, இரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேளுங்கள் என்று கற்பிப்பதையே நான் விரும்புகிறேன்.

கோடைமழை

ஆளைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதில் வேறுபாடில்லை. எண்ணைப் பொறுத்தவரை என் கருத்தில்தான் நிற்கிறேன்.

வைகைக்கரை

இன்று செய்முறை வகுப்பில் ஒரு தோழியை மாடிப்படியில் ஏறி இறங்கச் செய்து உடனே லீட் 2 எடுத்தோம். பனைநிழல் அண்ணா சொன்னபடி முதலில் ஓரத்தைப் பார்த்தேன், 25 மி.மீ., சதுர முனை பத்துக் கட்டம். ஆர் முனைகளின் இடைவெளி 12 கட்டம், நிமிடத்துக்கு 125. பி-ஆர் மூன்றரைக் கட்டம், க்யூஆர்எஸ் இரண்டு கட்டம், க்யூ-டி ஏழு கட்டம்.

ஐயா காட்டிய முறையில் சுழியிலிருந்து எண்ணினேன். முன்பு டி அலையின் முடிவிலிருந்து அடுத்த பி வரை ஏழு கட்டம் வெற்றுக் கோடாக இருந்தது. இதில் ஒன்றரைக் கட்டம்தான் இருக்கிறது. துடிப்பு கூடும்போது எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்கும் என்று நினைத்திருந்தேன், ஆனால் க்யூஆர்எஸ் சிறிதும் சுருங்கவில்லை, க்யூ-டி இரண்டு கட்டம்தான் சுருங்கியது. குறைந்த எட்டுக் கட்டத்தில் ஐந்தரைக் கட்டம் அந்த வெற்றுக் கோட்டிலிருந்தே போயிருக்கிறது. அப்படியானால் கீழறை நிரம்பும் நேரம் ஏறத்தாழ பாதியாகிவிட்டது என்று கொள்ளலாமா?

நாடிமானி

கொள்ளலாம், அதுவே சரியான முடிவு. முதல் பட்டையில் மைட்ரல் வால்வு பதினொன்றரைக் கட்டத்தில் திறந்து, அடுத்த துடிப்பின் ஒன்றேகால் கட்டத்தில், அதாவது இருபத்தொன்றேகாலில், மூடியது. திறந்திருந்த நேரம் கிட்டத்தட்டப் பத்துக் கட்டம், 0.39 வினாடி. உங்கள் தோழியின் பட்டையில் எட்டரை அளவில் திறந்து பதின்மூன்றேகாலில் மூடியிருக்கும், ஐந்து கட்டத்துக்கும் குறைவு. வெளியேற்றும் நேரமோ ஏழிலிருந்து ஐந்து கட்டமாகத்தான் குறைந்திருக்கும். நிரம்பலில் பெரும்பகுதி வால்வு திறந்த உடனேயே நடந்துவிடுவதால் உங்கள் தோழி இதைப் பொருட்படுத்தாமல் படியேறுகிறார். மைட்ரல் வால்வு சுருங்கிப்போன ஒருவருக்கு இரத்தம் மெல்லத்தான் இறங்கும் என்பதால் இதே 125 அவரை மூச்சுத் திணற வைத்துவிடும். இடது கீழறையின் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் அது தளர்ந்திருக்கும்போதுதான் போய்ச் சேர்கிறது என்பதையும் இதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

ஒரு திருத்தம் மட்டும். தாளில் என்ன எழுதினீர்கள் என்று சொல்லவில்லை. 'இயல்பான சைனஸ் ரிதம்' என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு 'சைனஸ் டாக்கிகார்டியா' என்று எழுதுங்கள். அலைகளின் வரிசை இயல்பானது, வீதம் 100-ஐத் தாண்டிவிட்டது.

வைகைக்கரை

'இயல்பான' என்றுதான் எழுதியிருந்தேன் ஐயா, திருத்திவிட்டேன். இன்னும் ஓர் ஐயம். வேறொரு மாணவரை எடுத்தபோது 150 வரை போனது. அந்தத் தாளில் பி அலை டி அலையின் இறங்குமுகத்திலேயே ஏறிக்கொண்டிருந்ததால் டி எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆசிரியர் டி அலையின் சரிவுக்கு ஸ்கேல் வைத்துக் கோடிழுத்து அது அடிக்கோட்டைத் தொடும் இடத்தை எடுக்கச் சொன்னார். மற்றோர் ஆசிரியை கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தையே எடுக்கச் சொன்னார். இரண்டுக்கும் ஒரு கட்டம் வேறுபடுகிறது.

நாடிமானி

நான் ஸ்கேல் வைப்பவன். ஆனால் இரு அலைகளும் அப்படி ஒட்டிவிட்ட பட்டையில் நான் க்யூ-டி அளப்பதே இல்லை. மாணவரை ஐந்து நிமிடம் உட்கார வைத்து, 100-க்குக் கீழே இறங்கிய பிறகு மறுபடி எடுங்கள்.

கோடைமழை

தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் துடிப்பு இறங்கட்டும் என்று காத்திருக்க எங்களுக்கு வசதியில்லை ஐயா. மருந்து கொடுப்பதற்கு முன் க்யூ-டி எவ்வளவு என்று அப்போதே கேட்பார்கள். நாங்கள் மற்ற லீடுகளில் டி அலை தெளிவாக முடியும் ஒன்றைத் தேடி அதில் அளக்கிறோம், எந்த லீடில் அளந்தோம் என்பதையும் தாளிலேயே எழுதிவிடுகிறோம்.